காணாமல் போனவரின் படத்தைப் பகிரும் முன்: மறதி நோய் உள்ள பெரியவரைத் தேடும் குடும்பத்துக்கு முழு வழிகாட்டி

மறதி நோய் உள்ள பெரியவர் ஒருவர் விடியற்காலையில் தாழ்ப்பாளைத் திறந்துகொண்டு வெளியே போய்விட்டால், அரை மணி நேரத்துக்குள் வீட்டில் யாராவது ஒருவர் அவர் படத்தைக் குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டுவிடுவார். அதில் தப்பில்லை, பதற்றத்தில் எல்லாரும் அதைத்தான் செய்வார்கள். ஆனால் அந்த முதல் படமும் அதோடு போகிற முதல் நாலு வரியும் ஊரெல்லாம் பரவியபின் அதைத் திரும்ப வாங்க முடியாது. படம் பழசாக இருந்தால் பழைய முகத்தைத்தான் எல்லாரும் தேடுவார்கள். நாலு வரியில் ஒரு ஊகம் கலந்துவிட்டால், மாலைக்குள் அந்த ஊகத்தையே சாட்சி சொல்லிப் பத்துப் பேர் போன் பண்ணுவார்கள். இந்த இரண்டையும் எப்படிச் சமாளிப்பது என்றுதான் எழுதுகிறேன்.

புரிவதற்காக ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். பெருங்களத்தூரில் வீடு. தாத்தாவுக்கு 74 வயது, மூன்று வருடமாக மறதி. வேலை பார்த்த காலமெல்லாம் திண்டிவனத்தில். காலை 6.20-க்கு மருமகள் பால் வாங்க வந்து பார்த்தால் கேட் திறந்து கிடக்கிறது. தாத்தா இல்லை. வாசலில் இருந்த மருமகளின் ரப்பர் செருப்பும் இல்லை. அந்தச் செருப்பை மறந்துவிடாதீர்கள், பின்னால் வருகிறது.

முதலில் புகார், அப்புறம்தான் படம்

24 மணி நேரம் கழித்துத்தான் புகார் எடுப்பார்கள் என்று பலர் இன்னமும் நம்புகிறார்கள். அப்படி ஒரு சட்டமே கிடையாது. 112-க்குப் போன் செய்துவிட்டு, ஒருவர் நேராகப் பக்கத்துக் காவல் நிலையத்துக்குப் போகவேண்டும். எல்லை எங்களுடையது இல்லை என்று சொன்னாலும் எந்த நிலையத்திலும் தகவலை எடுத்துக்கொண்டு உரிய நிலையத்துக்கு அனுப்பலாம், கடத்தல் போல காவல் துறை நேரடியாக விசாரிக்கக்கூடிய குற்றங்களுக்கு 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-வது பிரிவு அதைத் தெளிவாகவே சொல்கிறது. காணாமல் போனது குழந்தை என்றால் இன்னும் கறார்: முதல் தகவல் அறிக்கை போட்டே ஆகவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013-லேயே உத்தரவிட்டிருக்கிறது. புகார் கொடுத்ததும், அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதோ எப்.ஐ.ஆர். நகலோ கையில் வாங்கிவிடுங்கள்.

படத்துக்கு முன்னால் புகார் என்று அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. படத்தைப் பார்த்துக் கூப்பிடுகிறவர் யாரோ, எவரோ. அவர் சொல்வதைச் சரிபார்க்க, அந்த ஊர் நிலையத்துக்குச் சொல்லி ஆள் அனுப்ப, கேமரா பதிவைக் கேட்டு வாங்க, ஒரு காவல் நிலையம் பின்னால் இருக்கவேண்டும். இன்னொன்று, காவல் நிலைய எண் இல்லாத படத்தை விவரம் தெரிந்தவர்கள் பகிர்வதில்லை, பகிரவும் கூடாது. அடிதாங்காமல் வீட்டைவிட்டுப் போன மனைவியைத் தேடிப் பிடிக்க, "மனநிலை சரியில்லாத என் மனைவியைக் காணவில்லை" என்று கணவனே படம் போடுவது நடக்கிறது. நிலையத்தின் எண் இருந்தால், கண்டவர் முதலில் காவல் துறைக்குச் சொல்வார். தானாக விரும்பிப் போன வயதுவந்த ஒருவர் "நான் பத்திரமாக இருக்கிறேன், இடத்தைச் சொல்லாதீர்கள்" என்று கேட்டுக்கொள்ளவும் அங்கே வழியிருக்கும்.

வீட்டில் வேலையையும் உடனே பிரித்துக்கொள்ளுங்கள். ஒருவர் வீட்டைவிட்டு நகரக்கூடாது, தாத்தா தானாகவே திரும்பி வரலாம். ஒருவர் காவல் நிலையத்தோடு பேசுவதற்கு மட்டும். ஒருவர் போனும் நோட்டுமாக உட்காரவேண்டும், வருகிற எல்லா அழைப்பும் அவருக்குத்தான்.

எந்தப் படம்

எல்லாருக்கும் பிடித்த படத்தைத்தான் முதலில் எடுப்போம்: அறுபதாம் கல்யாணத்தில் பட்டு வேட்டி கட்டி, மீசைக்கு மை பூசி, சிரித்துக்கொண்டு நிற்கும் படம். அந்த ஆள் இன்று தெருவில் இல்லை. தெருவில் நடப்பவர் மூன்று நாள் தாடியோடு, கன்னம் ஒட்டி, பல்செட் போடாமல் இருக்கிறார். கடைசி சில மாதங்களில் எடுத்த, அழகாக்கும் ஃபில்டர் போடாத, முகம் நேராகத் தெரிகிற ஒரு படம் வேண்டும். கூடவே நின்றபடி முழு உருவம் தெரிகிற ஒன்று. தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு முகத்தைவிட உடம்பின் வாகும் கூன் விழுந்த முதுகும்தான் முதலில் கண்ணில் படும். படத்தில் பேரக்குழந்தை இருந்தால் வெட்டிவிடுங்கள், அந்தக் குழந்தையின் முகம் ஊரெல்லாம் போகத் தேவையில்லை.

காவல் துறைக்கு அனுப்புவதும் பொதுவில் போடுவதும் வேறு வேறு. வாட்ஸப்பில் படமாக அனுப்பினால் தரம் குறையும், அதனால் காவல் துறைக்கு 'டாக்குமென்ட்' ஆக அனுப்புங்கள். ஆனால் அப்படி அனுப்பும்போது படம் எடுத்த இடம், நேரம் போன்ற உள்விவரங்களும் கூடவே போகும், உங்கள் வீட்டு வாசல் எங்கே இருக்கிறது என்பது உட்பட. ஆகவே அந்த மூலக் கோப்பைக் குழுக்களில் விடாதீர்கள். பொதுவுக்கு, எழுத்தும் படமும் சேர்ந்த அட்டையின் ஸ்கிரீன்ஷாட் போதும். ஆதார் அட்டையைப் படம்பிடித்துப் போடுவது இப்போது சகஜமாகிவிட்டது, தயவுசெய்து வேண்டாம். அதிலுள்ள படம் பெரும்பாலும் அடையாளம் காட்டவே உதவாது. எண்ணும் முகவரியும்தான் கண்டகண்டவர் கையில் போய்ச் சேரும்.

அட்டையில் என்ன எழுதுவது

எழுத்து எல்லாம் படத்துக்குள்ளேயே இருக்கவேண்டும். படத்துக்குக் கீழே தனியாக எழுதினால் மூன்றாவது ஃபார்வேர்டில் அது கழன்றுவிடும், அப்புறம் யார் இவர், எந்த ஊர், எந்த வருடம் என்று தெரியாத வெறும் முகம் சுற்றிக்கொண்டிருக்கும். நம் தாத்தாவின் அட்டை இப்படி இருக்கலாம்:

> காணவில்லை
> பெயர், வயது 74. ஐந்தரை அடி, மெலிந்த உடல், மாநிறம், லேசான கூன்
> கடைசியாக இருந்த இடம்: பெருங்களத்தூர். கிழமை, தேதி, மாதம், வருடம், காலை 6.20-க்கு முன்
> உடுத்தியிருந்தது: வெள்ளை வேட்டி, வெளிர்நீலச் சட்டை (மாறியிருக்கலாம்)
> மறதி உண்டு. பெயர் கேட்டால் தவறாகச் சொல்லலாம். பயமுறுத்தாமல் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுங்கள்
> கண்டால்: 112 அல்லது காவல் நிலைய எண். குடும்பம்: ஒரே ஒரு எண்
> சி.எஸ்.ஆர். எண். அட்டை 1, வெளியிட்ட நேரம் காலை 8.15

"நேற்று காலை முதல்" என்று எழுதவே கூடாது, அடுத்த வருடமும் அது நேற்றாகவே இருக்கும். அட்டைக்கு எண் போடுவது எதற்கென்றால், மத்தியானம் சட்டை நீலம் இல்லை, பச்சை என்று தெரியவந்தால் அட்டை 2 விடவேண்டியிருக்கும், எது புதுசு என்று பார்ப்பவருக்குத் தெரியவேண்டும். குடும்ப எண்ணுக்கு, முடிந்தால் புதிதாக ஒரு சிம் போடுங்கள். மகளின் சொந்த எண்ணை அட்டையில் போட்டால் மாதக்கணக்கில் கண்டவனும் கூப்பிடுவான், நடுராத்திரி வீடியோ கால் வரும்.

எழுதக்கூடாதவை: வீட்டு முகவரி, நேற்று வீட்டில் நடந்த சண்டை, மருந்துச்சீட்டு, "கடத்தப்பட்டிருக்கலாம்" என்ற பயம், சன்மானத் தொகை. மறதியைச் சொன்னோமே என்றால், அதைச் சொல்லாவிட்டால் கண்டவர் அவரை வேறு மாதிரி நடத்திவிடுவார், உயிருக்கே ஆபத்து. அதற்கு மேல் உள்ள மருத்துவ விவரம் காவல் துறைக்கு மட்டும்.

ஒரு விவரத்தை வேண்டுமென்றே மறைத்துவையுங்கள். நம் தாத்தா விஷயத்தில் அந்தச் செருப்பு. பெண்கள் போடும் ரப்பர் செருப்பில் அவர் நடக்கிறார் என்பது வீட்டுக்கும் காவல் துறைக்கும் மட்டும் தெரியட்டும். சொந்தக்காரர் குழுவில்கூட வேண்டாம், அங்கே சொன்னால் ஊருக்குச் சொன்ன மாதிரிதான்.

ஊகம் எப்படி சாட்சியாக மாறுகிறது

அட்டை போனதும் கருத்துகள் வர ஆரம்பிக்கும். நம் கதையில் 8.40-க்கு ஒரு சித்தப்பா எழுதுகிறார்: "அவர் வேலை பார்த்தது திண்டிவனம், அங்கேதான் பஸ் ஏறியிருப்பார்." நியாயமான எண்ணம்தான். மறதி உள்ளவர்கள் பழைய வீட்டையோ பழைய வேலையிடத்தையோ தேடிக் கிளம்புவது உண்டு, தென்மாவட்டப் பேருந்துகள் வருடக்கணக்காக நின்று போன இடம் பெருங்களத்தூர். ஆனால் அவர் எழுதியதை யாரோ அட்டையோடு சேர்த்து, "திண்டிவனம் பஸ்ஸில் சென்றதாகத் தகவல்" என்று மாற்றி விடுகிறார். 'இருக்கலாம்' என்பது 'தகவல்' ஆக ஒரு ஃபார்வேர்ட் போதும்.

9.40-க்கு அழைப்பு வருகிறது. "திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் எட்டு மணிக்கே பார்த்தேன், வெள்ளை வேட்டி, நீலச் சட்டை." வீடே எழுந்து நிற்கிறது. மூன்று பேர் கார் சாவியை எடுக்கிறார்கள். போனில் இருப்பவர் நோட்டைப் பார்த்து மூன்று விஷயம் கேட்கவேண்டும். வீட்டிலிருந்து பேருந்து நிறுத்தம் போய், வண்டி ஏறி, எட்டு மணிக்குள் அங்கே இறங்க நேரம் போதுமா? ராத்திரி எப்போது கிளம்பினார் என்றே தெரியாததால், முடியவே முடியாது என்று சொல்ல வழியில்லை, ஆனால் இடிக்கிறது. அட்டையில் இல்லாத எதையாவது அவர் சொன்னாரா? இல்லை, அட்டையில் உள்ள வார்த்தைகளையே திருப்பிச் சொல்கிறார். காலில் என்ன இருந்தது? "கவனிக்கவில்லை சார்."

அந்த மனிதர் பொய் சொல்கிறார் என்று அர்த்தமில்லை. ஒரு பெரியவரைப் பார்த்திருக்கிறார், வெள்ளை வேட்டி கட்டிய பெரியவர்கள் எந்த பஸ் ஸ்டாண்டிலும் இருப்பார்கள். பிறகு அட்டையைப் பார்த்தபோது, திண்டிவனம் என்ற பெயரையும் பார்த்தபோது, அவர் நினைவில் அந்தச் சட்டை நீலமாகிவிட்டது. மனித நினைவு இப்படித்தான் வேலை செய்யும், உதவ நினைப்பவருக்கு இது இன்னும் எளிதாக நடக்கும். இதே காரணத்தால், நீங்கள் தெருவில் விசாரிக்கும்போதும் படத்தை முதலில் நீட்டாதீர்கள். "காலையில் இந்தப் பக்கம் வயசானவர் யாராவது தனியாக வந்தாரா? எப்போது? என்ன போட்டிருந்தார்?" என்று கேட்டு, அவர் சொல்வதை எழுதிக்கொண்டு, அப்புறம் படத்தைக் காட்டுங்கள்.

10.05-க்கு இன்னொரு அழைப்பு. வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் உள்ள டீக்கடைக்காரர். "ஒரு அரை கிளாஸ் குடிச்சுட்டு, பையன் வந்து காசு குடுப்பான்னு சொல்லிட்டுப் போனாருங்க. பொம்பளைங்க செருப்பு போட்டிருந்தாரு, அதான் ஞாபகம் இருக்கு." எத்தனை மணி? கடை திறந்து முதல் பால் காய்ந்த நேரம், ஐந்தே முக்கால் இருக்கும். எந்தப் பக்கம் போனார்? வண்டலூர் பக்கம்.

பெரிய செய்தி போலத் தெரிந்தது திண்டிவனம், ஆனால் தேடலைத் தூக்கி நிறுத்தியது டீக்கடை. கடைசியாக உறுதிப்பட்ட இடம், நேரம், திசை, இந்த மூன்றை வைத்துத்தான் தேடுகிறவர்கள் எங்கே பார்ப்பது என்று முடிவு செய்வார்கள். டீக்கடையிலிருந்து வண்டலூர் பக்கம் உள்ள கடைகளில் அன்றே கேமராப் பதிவைக் கேட்கவேண்டும், ஏனென்றால் சின்னக் கடைகளில் ஹார்ட் டிஸ்க் நிறைந்ததும் பழைய பதிவின்மேல் புதியது தானாகப் பதிந்துவிடும். மூன்று பேரும் திண்டிவனம் கிளம்பியிருந்தால் அந்த நேரம் போனது போனதுதான். திண்டிவனத்தை அப்படியே விட்டுவிடச் சொல்லவில்லை. அதைக் காவல் துறையிடம் சொன்னால், அங்குள்ள நிலையத்திலிருந்து ஒருவர் போய்ப் பார்த்துவிடலாம்.

ஒவ்வொரு அழைப்பையும் நோட்டில் எழுதுங்கள்: கூப்பிட்ட நேரம், பார்த்ததாகச் சொன்ன நேரம் (இரண்டும் வேறு), இடம், போன திசை, அட்டையில் இல்லாத விவரம் ஏதாவது, காவல் துறைக்குச் சொன்ன நேரம். பணம் கேட்டால் அது மோசடி என்றே வைத்துக்கொள்ளுங்கள். "ஆம்புலன்சுக்கு ஐயாயிரம் ஜிபே பண்ணுங்க, ஆள் எங்ககிட்டதான் இருக்காரு" என்று பேசுகிறவரிடம் வீடியோ காலில் காட்டச் சொல்லுங்கள், செருப்பைக் கேளுங்கள். பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐக் கூப்பிடுங்கள்.

மருத்துவமனையில் பெயர் சொல்லித் தேடாதீர்கள்

இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஆனால் பலர் கோட்டைவிடுகிற இடம். தன் பெயரே தெரியாதவர் மயங்கி விழுந்து 108-ல் கொண்டுபோகப்பட்டால் மருத்துவமனைப் பதிவேட்டில் 'பெயர் தெரியாத ஆண்' என்றுதான் இருப்பார். நீங்கள் பெயரைச் சொல்லி விசாரித்தால் அப்படி யாரும் இல்லை என்று உண்மையாகவே பதில் வரும். "இன்று காலை முதல் பெயர் தெரியாமல் வயதானவர் யாரையாவது சேர்த்திருக்கிறீர்களா" என்று கேளுங்கள், மருத்துவமனைப் புறக்காவல் நிலையத்திலும் அதையே கேளுங்கள். ரயில்வே போலீசுக்கும், முதியோர் உதவி எண் 14567-க்கும் அட்டையைச் சேர்ப்பியுங்கள். நம் தாத்தா அன்று மத்தியானம் இப்படித்தான் கிடைக்கிறார், ஒரு அரசு மருத்துவமனையின் வார்டில், பெயர் இல்லாமல், கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருக்க.

ஊகம் இன்னொரு வீட்டின் ஆளைத் தாக்கும்போது

2018 மே மாதம் நினைவிருக்கும். குழந்தை கடத்தும் கும்பல் வந்திருக்கிறது என்று வாட்ஸப் முழுக்கப் பரவியது. அந்த நாட்களில் நாடு முழுக்கச் சுற்றிய ஒரு வீடியோ, பைக்கில் வந்து குழந்தையைத் தூக்கிப் போவது போன்றது, உண்மையில் பாகிஸ்தானின் கராச்சியில் எடுத்த விழிப்புணர்வுப் படம். குழந்தையைத் திருப்பிக் கொண்டுவந்து விடுகிற கடைசிப் பகுதியை வெட்டிவிட்டுச் சுற்றவிட்டிருந்தார்கள். திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே குலதெய்வக் கோயிலுக்கு வந்த சென்னை மூதாட்டி ஒருவர், வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்ததைப் பார்த்துச் சந்தேகப்பட்ட கூட்டம் அவரை அடித்தே கொன்றது. அதே நாட்களில் பழவேற்காட்டில் மனநலம் பாதிக்கப்பட்டவர் ஒருவரும் கொல்லப்பட்டார். அந்த வருடம் ஜூலையில் வாட்ஸப் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி மாற்றியது.

யாரென்று தெரியாமல், கேட்டால் ஒழுங்காகப் பதில் சொல்லத் தெரியாமல், குழந்தைகளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு தெருவில் நிற்பவர் யார்? அவர் ஏதோ ஒரு வீட்டிலிருந்து காணாமல் போனவராக இருக்கலாம். கூட்டம் சந்தேகப்படுகிற அடையாளமும் நாம் தேடுகிறவரின் அடையாளமும் ஒன்றாகவே இருக்கின்றன. அதனால்தான் 'கடத்தல்', 'சந்தேகத்துக்குரிய வெளியூர் ஆள்' என்ற வார்த்தைகளை உங்கள் அட்டையின் பக்கத்திலேயே வரவிடாதீர்கள் என்று கெஞ்சாத குறையாகக் கேட்கிறேன்.

குடும்பம் போட்ட தேடல் பக்கமே திருப்பித் தாக்கப்பட்டதும் உண்டு. 2013 மார்ச்சில் அமெரிக்காவின் ப்ராவிடன்ஸ் நகரில் ஒரு கல்லூரி மாணவர் காணாமல் போனார், குடும்பம் ஃபேஸ்புக்கில் பக்கம் தொடங்கித் தேடியது. ஏப்ரல் 15-இல் பாஸ்டன் மாரத்தானில் குண்டு வெடித்தது. 18-ஆம் தேதி எஃப்.பி.ஐ. இரண்டு பேரின் மங்கலான படங்களை வெளியிட்டதும், ரெட்டிட் என்ற இணைய விவாதத் தளத்திலும் ட்விட்டரிலும் ஆயிரக்கணக்கானோர் முகங்களை ஒப்பிட ஆரம்பித்தார்கள். அவர்களில் ஒருவன் இந்த மாணவர்தான் என்று யாரோ சொல்ல, இரவோடு இரவாக அது பரவியது. தேடல் பக்கத்தில் வசை குவிந்து, குடும்பம் அதை மூடவேண்டியதாயிற்று. மறுநாள் காலையில் உண்மையான சந்தேக நபர்களின் பெயர் வெளியானது, வேறு இருவர். 23-ஆம் தேதி அந்த மாணவரின் உடல் ஆற்றில் கிடைத்தது. ரெட்டிட் நிர்வாகம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது. தேடலுக்காகக் குடும்பம் கொடுத்த தெளிவான படங்கள்தான் அந்த ஒப்பீட்டுக்கும் பயன்பட்டன.

இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது: பொதுப் பதிவில் கருத்துப் பகுதியை மூடிவிடுங்கள், மூட முடியாத இடத்தில் "பார்த்தவர்கள் மட்டும் இந்த எண்ணில் சொல்லுங்கள், ஊகங்களை இங்கே எழுதவேண்டாம்" என்று முதல் கருத்தாக நிறுத்திவையுங்கள். உடல் படங்களை அனுப்பி "இவரா பாருங்கள்" என்று கேட்பவர்கள் வருவார்கள். அவற்றைக் குழுவில் விடாமல் காவல் துறைக்கு மட்டும் அனுப்புங்கள், முக ஜாடையை வைத்து வீட்டில் முடிவுக்கு வராதீர்கள். ஒன்றும் சொல்ல இல்லாத நாளிலும் மாலையில் இரண்டு வரி போடுங்கள், நம் தாத்தா மத்தியானம் கிடைக்காமல் போயிருந்தால் இப்படி: "இரவு 7 மணி. இன்னும் கிடைக்கவில்லை. அட்டை 2-தான் சரியானது. திண்டிவனம் தகவல் உறுதியாகவில்லை." குடும்பம் பேசாமல் இருந்தால் அந்த இடத்தை ஊகம் நிரப்பிவிடும்.

கிடைத்தபின்

இதைச் செய்கிறவர்கள் மிகக் குறைவு, அதனால்தான் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருப்பவரைக் காணவில்லை என்று வருடக்கணக்கில் படம் சுற்றுகிறது. அதே அட்டையின்மேல் குறுக்காக, "கிடைத்துவிட்டார், பகிர வேண்டாம்" என்று தேதியோடு போட்டு, முதலில் அனுப்பிய அதே குழுக்களுக்கு அனுப்புங்கள். ஃபார்வேர்ட் செய்த சொந்தக்காரர்களுக்குத் தனித்தனியாகச் சொல்லிப் பழைய பதிவுகளை நீக்கவையுங்கள். குழந்தை என்றால் முகத்தை மீண்டும் காட்டாதீர்கள், எழுத்தில் மட்டும் தெரிவித்துவிட்டுப் படத்தை எல்லா இடத்திலும் அழியுங்கள். காப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை, குற்றத்துக்கு ஆளான குழந்தை ஆகியோரின் அடையாளத்தை வெளியிடுவது 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் 74-வது பிரிவின்படி குற்றம். எங்கே கிடைத்தார், என்ன நிலையில் கிடைத்தார், ஆஸ்பத்திரிக் கட்டிலில் எப்படிப் படுத்திருக்கிறார் என்பதெல்லாம் ஊருக்குத் தேவையில்லை, அந்தப் படத்தை நன்றி சொல்வதற்காகக்கூடப் போடாதீர்கள்.

காவல் நிலையத்துக்கும் சொல்லிப் புகாரை முடித்துவையுங்கள். அந்தப் புது சிம்மை ஒரு மாதமாவது உயிரோடு வைத்திருங்கள், தாமதமாக அட்டையைப் பார்த்தவர் கூப்பிட்டால் "கிடைத்துவிட்டார், ரொம்ப நன்றி" என்று சொல்ல ஒருவர் இருக்கவேண்டும். மறதி உள்ளவர் ஒருமுறை போனால் மறுபடியும் போக வாய்ப்பு அதிகம். ஆகவே மாதத்துக்கு ஒருமுறை, தாடியோ மொட்டையோ அன்று எப்படி இருக்கிறாரோ அப்படியே, முகம் ஒன்று, முழு உருவம் ஒன்று எடுத்து வீட்டில் இரண்டு பேர் போனில் வைத்துக்கொள்ளுங்கள். சட்டையின் உள்பக்கம் போன் எண்ணைத் துணியில் எழுதித் தைத்துவிடுங்கள்.